பிராந்திக்குத் தலைவலி, ஓட்காவுக்கு இல்லையா?

ஓட்கா குடித்தால் மறுநாள் ஒன்றும் தெரியாது, பிராந்தியும் ரம்மும்தான் மண்டையைப் பிளக்கும் என்று மது அருந்துகிறவர்கள் பலர் அடித்துச் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகக் காட்டியது.

21 முதல் 33 வயது வரையுள்ள 95 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஓர் இரவு சிலருக்கு ஓட்கா, சிலருக்கு பூர்பன். இன்னோர் இரவு எல்லோருக்குமே மது கலக்காத பானம். பூர்பன் என்பது, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில் ஊறவைத்த சோள விஸ்கி. இரு தரப்புக்கும் ஏறிய போதை ஏறக்குறைய ஒரே அளவு. காலையில் எழுந்ததும் பூர்பன் குடித்தவர்களே அதிகமாக அவதிப்பட்டார்கள். ஆனால் கவனத்தையும் சுறுசுறுப்பையும் சோதித்தபோது, ஓட்கா குடித்தவர்களும் அவர்கள் அளவுக்கே தடுமாறினார்கள். தூக்கமும் இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் கெட்டிருந்தது. தலை வலிக்கவில்லை என்பதற்காக ஒருவர் தெளிவாக இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. காலையில் பைக் எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பூர்பன் கூடுதலாக வாட்டியதற்குக் காரணம் கான்ஜெனர்கள். சாராயம் நொதிக்கும்போது எத்தனால் மட்டும் உருவாவதில்லை. மெத்தனால், அசிட்டால்டிஹைடு, வேறு சில கனமான ஆல்கஹால்கள் என்று பலவும் கூடவே சேர்கின்றன. பீப்பாயின் மரத்திலிருந்தும் சில பொருட்கள் இறங்குகின்றன. விஸ்கிக்கு மணமும் ருசியும் தருவது பெரும்பாலும் இவைதான். ஓட்காவைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிப்பதால் இவை பெருமளவு நீங்கிவிடுகின்றன. அந்த ஆய்வில் கொடுத்த பூர்பனில் ஓட்காவைப் போல 37 மடங்கு கான்ஜெனர்கள் இருந்தன.

இவற்றில் மெத்தனாலின் போக்கு தனி. எத்தனாலையும் மெத்தனாலையும் கல்லீரலில் உடைப்பது ஒரே நொதிதான். ரேஷன் கடை வரிசை மாதிரி, எத்தனால் முழுவதும் தீரும்வரை மெத்தனால் காத்திருக்கிறது. போதை இறங்கிய பிறகுதான் அதன் முறை வந்து, ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. காலையில் ஒரு பெக் போட்டால் தலைவலி விட்டதுபோல் தோன்றுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். வலி தள்ளிப்போகிறதே தவிர போவதில்லை. நாள்பட்ட குடிப்பழக்கத்துக்கு அதுவே வாசலாகிவிடும்.

ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து கான்ஜெனரை எடை போட முடியாது. நம் ஊரில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் பெரும்பாலானவை, கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சுத்தமான சாராயத்தில் வாசனையும் கேரமல் நிறமும் சேர்த்துத் தயாராகின்றன. பழுப்பு நிறம் அங்கே பீப்பாயிலிருந்து வந்ததல்ல.

உடலில் நீர் வற்றுவதால்தான் தலைவலி என்பது இன்னொரு நம்பிக்கை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெசின் ஹார்மோனை மது அடக்குகிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர் போகிறது, நாக்கு வறள்கிறது. இதைச் செய்வது எத்தனால். ஓட்காவிலும் அதே எத்தனால்தான் இருக்கிறது. ஆக, நிறத்துக்கு நிறம் காணும் வித்தியாசத்தை நீரிழப்பு விளக்காது. தண்ணீர் குடித்தால் தாகமும் தலைசுற்றலும் தணியும், வயிற்றுப் புரட்டலும் சோர்வும் அப்படியே இருக்கும். குடலின் எரிச்சலும், உடலில் கிளம்பும் அழற்சியும், கெட்ட தூக்கமும் தண்ணீருக்குக் கட்டுப்படுவதில்லை.

அளவுதான் பெரிய விஷயம். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு பத்து மணிக்கு முடித்தவருக்கு அது கரைய விடியற்காலை ஆகும். காபி, மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. ஹேங்ஓவர் மருந்துகள் பற்றிய சோதனைகளை 2005-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அலசியபோதும், நம்பும்படியாக எதுவும் தேறவில்லை.

உண்மையில் உதவுபவை எளிமையானவை. சாப்பிட்டுவிட்டுக் குடிப்பது, மெதுவாகக் குடிப்பது, குறைவாகக் குடிப்பது. மறுநாள் ஓ.ஆர்.எஸ். கரைசலும் இட்லியும் கஞ்சியும் தூக்கமும் போதும். பாராசிட்டமால் வேண்டாம், மது வாட்டியிருக்கும் கல்லீரலுக்கு அது இன்னும் சுமை. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கக்கூடும்.

கடைசியாக ஒன்று. கடைச் சரக்கில் மெத்தனால் மிகச் சொற்பம். கள்ளச்சாராயத்தில் அது உயிரைக் குடிக்கும் அளவுக்கு இருக்கலாம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் அப்படித்தான் இறந்தார்கள். குடித்த சில மணி நேரத்திலோ மறுநாளோ பார்வை மங்கினாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், கடுமையான வயிற்றுவலி வந்தாலும் அதை ஹேங்ஓவர் என்று நினைத்துத் தூங்கவிடாதீர்கள். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.