முள்ளின் அடியைப் பாருங்கள்

நர்சரிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் 'கேக்டஸ் காம்போ' என்று ஒன்று அடிக்கடி வரும். ஒரு தட்டில் பத்துச் சின்னத் தொட்டிகள். ஒன்று உருண்டை, ஒன்று தூண், ஒன்று விசிறி, ஒன்று ரோஜாப் பூவைப் போல அடுக்கிய இலைகள். எல்லாவற்றிலும் முள் இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அப்படி ஒரு தட்டில் இருக்கும் அத்தனையும் கேக்டஸாக இருப்பது அபூர்வம்.

பெயர் மாறினால் என்ன, செடி அழகாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். கேக்டஸ் என்று விற்கப்படும் செடிகளில் கணிசமானவை யூபோர்பியா இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் சிறு கீறல் விழுந்தாலும் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் எரியும். கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். கேக்டஸ்தானே என்று நினைத்து வெறுங்கையால் கிளையை ஒடித்து, அதே கையால் கண்ணைத் துடைப்பவருக்கு அந்தப் பெயர்க் குழப்பம் விளையாட்டல்ல.

முதலில் உறவு முறையைத் தெளிவாக்கிக்கொள்வோம். சக்குலென்ட் என்பது ஒரு குடும்பத்தின் பெயரல்ல. இலையிலோ தண்டிலோ வேரிலோ தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றான செடி எதுவானாலும் அது சக்குலென்ட்தான். கற்றாழை, யூபோர்பியா, அடீனியம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல குடும்பத்துச் செடிகள் அதில் அடங்கும். கேக்டஸோ ஒரே குடும்பம். அநேகமாக எல்லாக் கேக்டஸும் சக்குலென்ட். ஆனால் சக்குலென்ட்களில் பெரும்பாலானவை கேக்டஸ் அல்ல.

கேக்டஸ் குடும்பத்தின் தாயகம் வட, தென் அமெரிக்கக் கண்டங்கள். ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் மரங்களில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் என்ற முள்ளில்லாத ஒரு வகை மட்டுமே இதற்கு விலக்கு. நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிகூட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கேக்டஸ்தான். அதன் பக்கத்திலேயே நிற்கும் சதுரக்கள்ளி இந்த மண்ணுக்குரியது. அது கேக்டஸ் அல்ல, யூபோர்பியா. ஆப்பிரிக்க, ஆசிய வறட்சியில் யூபோர்பியாக்களும் அமெரிக்க வறட்சியில் கேக்டஸ்களும் தனித்தனியாக ஒரே வழியைக் கண்டுபிடித்தன: இலையைக் குறை, தண்டைப் பருக்கவை, முள்ளை வளர். அதனால்தான் இரண்டும் உடன்பிறப்புகளைப் போலத் தெரிகின்றன.

இந்த ஒப்பனைக்குள் மறைக்க முடியாத அடையாளம் ஒன்று உண்டு. அது முள்ளில் இல்லை, முள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

கேக்டஸின் உடலில் வரிசையாகவோ சுழல் வடிவிலோ சின்னச் சின்னப் பஞ்சுத் திட்டுகள் இருக்கும். வெள்ளை, மஞ்சள், பழுப்பு, சாம்பல் என்று நிறம் மாறும். இதற்கு அரியோல் என்று பெயர். உண்மையில் அது ஒரு கிளை. நீளாமல் ஒரு புள்ளிக்குள் சுருங்கிப்போன கிளை. அந்தக் கிளையில் இலைகளாக வரவேண்டியவைதான் முட்களாக மாறியிருக்கின்றன. ஆகவே ஒரே திட்டிலிருந்து நாலைந்தோ, பத்து இருபதோ முட்கள் கொத்தாகக் கிளம்பும். புதுக் கிளையும் பூவும் பொதுவாக அங்கிருந்தே வரும். கேக்டஸ் குடும்பத்துக்கு வெளியே எந்தச் செடிக்கும் அரியோல் கிடையாது. முள்ளே இல்லாத கேக்டஸில்கூட அந்தத் திட்டு இருக்கும்.

யூபோர்பியாவில் பஞ்சு இருக்காது. தூண் போல வளரும் வகைகளில் தண்டின் விளிம்பில் கடினமான ஒரு சிறு தட்டு இருக்கும். அதிலிருந்து இரண்டு முட்கள், மாட்டுக் கொம்பு விரிவதுபோல இரு பக்கமும் விரியும். நர்சரியில் பார்க்கும் தூண் வகைகளில் இந்த ஜோடி முள்ளே நல்ல தடயம். ஆனால் இனம் முழுவதற்கும் இது விதியாகாது. சில யூபோர்பியாக்களில் முன்பு பூத்த காம்புகள் காய்ந்து இறுகி ஒற்றை முட்களாக நிற்கும். அங்கும் அடியில் பஞ்சுத் திட்டு இல்லை என்பதே தீர்ப்பு.

இனி ஒரு தட்டின் படத்தை எடுத்துக்கொண்டு தொட்டி தொட்டியாகப் பார்ப்போம்.

முதல் தொட்டியில் மூன்று பட்டையுள்ள ஒரு பச்சைத் தூண். விளிம்பில் சிவந்த சிறு முட்கள், முட்களுக்கிடையே சின்ன இலைகள். கீழே 'கேக்டஸ்' என்று எழுதியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் முட்கள் இரண்டிரண்டாக நிற்கின்றன, பஞ்சு இல்லை. இது யூபோர்பியா ட்ரைகோனா. இலையையும் சாட்சிக்கு அழைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பெரெஸ்கியா என்ற கேக்டஸ் சாதாரணச் செடியைப் போலவே அகன்ற இலை விடும். அதன் இலைக் கக்கத்தில் பஞ்சும் முள் கொத்தும் இருப்பதால்தான் அது கேக்டஸ்.

இரண்டாவது தொட்டியில் பச்சைத் தண்டின் உச்சியில் கத்தரித்து ஒட்டியதுபோல ஒரு சிவப்பு உருண்டை. இது மூன் கேக்டஸ். அந்த உருண்டை பச்சையமே இல்லாமல் பிறந்த ஜிம்னோகாலிசியம் என்ற கேக்டஸ். தானாக உணவு தயாரிக்க முடியாது. அதனால் பெரும்பாலும் டிராகன் ஃப்ரூட் தண்டின் மேல் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். மேலும் கீழும் இரண்டும் கேக்டஸ்தான். இரண்டிலும் அரியோல் தெரியும்.

மூன்றாவது தொட்டியிலும் ஒட்டுச்செடிதான். தண்டின் மேல் சுருக்கம் சுருக்கமாக மடிந்த ஒரு விசிறி. 'கோரல் கேக்டஸ்' என்று பெயர் ஒட்டியிருக்கிறது. விசிறியின் மடிப்புகளில் பஞ்சுத் திட்டு எங்கும் இல்லை. இது யூபோர்பியா லாக்டியாவின் விசிறி வடிவம். கீழே இருப்பது பெரும்பாலும் இலைக்கள்ளி. ஒட்டு பிடிக்க வேண்டுமானால் இரண்டும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். ஆகவே மேல்பகுதி குழப்பினால் கீழ்த்தண்டைப் பாருங்கள். அது எந்தக் குடும்பமோ, மேலுள்ளதும் அதே குடும்பம்தான்.

நான்காவது தொட்டியில் ரோஜா அடுக்குப் போன்ற தடித்த இலைகள், ஓரத்தில் முள். இங்கே முள் தண்டில் இல்லை, இலையின் விளிம்பில் இருக்கிறது. அது தெரிந்ததுமே கேக்டஸ், யூபோர்பியா இரண்டையும் ஒதுக்கிவிட்டு, கற்றாழையா அகேவா என்று மட்டும் யோசிக்கலாம். அகேவ் என்பது நாம் ஆனைக்கற்றாழை என்று சொல்லும் இனம். அதன் இலை நுனியில் பெரும்பாலும் கருத்து இறுகிய ஊசி ஒன்று நிற்கும். இன்னொரு அழகான தடயமும் உண்டு. குருத்தில் இலைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு வளர்வதால், ஓர் இலையின் பற்கள் அடுத்த இலையின் முதுகில் அச்சாகப் பதிந்திருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்த படத்தில் இந்த அச்சு தெளிவாகத் தெரியும். கற்றாழையின் பற்கள் பொதுவாக மெத்தென்றிருக்கும். நுனியில் அத்தகைய ஊசி இருக்காது. இதைக் கவனிப்பது கூந்தலுக்கும் முகத்துக்கும் சோற்றுக்கற்றாழை தடவுகிறவர்களுக்கு முக்கியம். அகேவ் சாறு தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும்.

ஐந்தாவது தொட்டியில் தடித்த தண்டு, முழுக்க முள், உச்சியில் மட்டும் நீள இலைக் கொத்து. 'மடகாஸ்கர் பனை' என்று விற்பார்கள். பனையும் அல்ல, கேக்டஸும் அல்ல. அரளி, அடீனியம் குடும்பத்தைச் சேர்ந்த பாக்கிபோடியம். நர்சரியில் அதிகம் கிடைக்கும் லமேரி வகையில் முட்கள் மூன்று மூன்றாக நிற்கும்.

ஆறாவதுதான் கடினம். முள்ளே இல்லாத, எட்டுப் பிளவுள்ள ஓர் உருண்டை. இது அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டீரியாஸ் என்ற கேக்டஸாகவும் இருக்கலாம், யூபோர்பியா ஒபீசாவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பிளவின் நடுவிலும் வெள்ளைப் பஞ்சுப் பொட்டுகள் வரிசையாக இருந்தால் அஸ்ட்ரோஃபைட்டம். பஞ்சு இல்லாமல், குறுக்கே மங்கலான பட்டைக்கோடுகளும் முகட்டில் தையல் போட்டதுபோன்ற சிறு தழும்புகளும் இருந்தால் ஒபீசா.

பூ இருந்தால் வேலை சுலபம். கேக்டஸ் பூவில் இதழ்கள் பல அடுக்காக, நடுவே ஏராளமான மகரந்தக் கம்பிகளோடு இருக்கும். யூபோர்பியாவின் பூ சின்னக் கிண்ணம் மாதிரி; பலவற்றில் மஞ்சளாகத் தெரியும். பாக்கிபோடியத்தில் ஐந்து இதழ்கள் சற்றே முறுக்கி விரியும். ஆனால் நர்சரிப் படத்தில் பூவை உடனே நம்பிவிடக் கூடாது. காய்ந்த காகிதப் பூக்களைப் பசையால் ஒட்டி விற்கும் வழக்கம் இருக்கிறது. பளிச்சென்ற ஒரே பூ, செடியின் உச்சி நடுவில், அடியில் பசை மினுங்க உட்கார்ந்திருந்தால் அது ஒட்டுவேலை.

படம் ஏமாற்றும் இடம் இன்னொன்றும் உண்டு. மாவுப்பூச்சியும் வெள்ளைப் பஞ்சாகத்தான் தெரியும். அரியோல்கள் ஒரே இடைவெளியில் ஒழுங்காக அமைந்திருக்கும். மாவுப்பூச்சி இடுக்குகளில் ஒழுங்கில்லாமல் அப்பிக் கிடக்கும். மங்கலான படத்தில் முட்களை எண்ண முடியாவிட்டால், செடியின் ஓரம் பின்னணியில் தெரியும் இடத்தைப் பாருங்கள். அங்கே முள் ஜோடியாக நிற்கிறதா, கொத்தாக நிற்கிறதா என்பது நிழலுருவாகவே புலப்படும்.

படத்தில் பார்க்க முடியாதது பால். அதை நேரில் சோதித்தாலும் முழுத் தீர்ப்பு கிடைக்காது. மாமில்லாரியா என்ற உருண்டைக் கேக்டஸின் சில வகைகளிலும் வெள்ளைப் பால் வரும். பால் வந்தால் யூபோர்பியா என்று முடிவு கட்டாமல் மறுபடியும் முள்ளின் அடிக்கே திரும்ப வேண்டும்.

வாங்குமுன் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: முள்ளின் அடி தெரியும் நெருக்கப் படம், உச்சியிலிருந்து எடுத்த படம், தண்டு மண்ணைத் தொடும் இடத்தின் படம். முதலாவது குடும்பத்தைச் சொல்லும். இரண்டாவது ஒட்டிய பூவைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதில் ஒட்டுக்கட்டும் அழுகலும் தெரியும். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், பாலுள்ள யூபோர்பியா என்றே வைத்துக்கொண்டு, தொட்டி மாற்றும்போதும் கிளை வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பால் கண்ணில் பட்டுவிட்டால், தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். போகும்போது செடியின் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.