36 மணி நேர நாள் (நூல்)

36 மணி நேர நாள் என்பது மறதிநோய் (டிமென்சியா) உள்ளவரை வீட்டிலேயே பராமரிக்கும் குடும்பத்தினருக்காக நான்சி மேஸ், பீட்டர் ரேபின்ஸ் ஆகியோர் எழுதிய ஆங்கில வழிகாட்டி நூல் ஆகும். ரேபின்ஸ் ஒரு மனநல மருத்துவர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் இதனை 1981 ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்டது. ஏழாம் பதிப்பு 2021 இல் வெளிவந்தது. பராமரிப்பவருக்கு ஒரு நாளின் 24 மணி நேரம் போதாமல் போவதையே தலைப்பு குறிக்கின்றது.

அடிப்படைக் கருத்து

மறதிநோய் உள்ளவர் காட்டும் பிடிவாதம், கோபம், மறுப்பு ஆகியவற்றுள் பெரும்பாலானவை வேண்டுமென்றே செய்யப்படுபவை அல்ல என்பது நூலின் அடிப்படைக் கருத்து ஆகும். பாதிப்புற்ற மூளையால் ஒரே நேரத்தில் வரும் பல செய்திகளைப் பிரித்தறிய இயலாது. அந்நிலையில் அவர் திகைத்து, அழவோ கத்தவோ அடிக்கவோ முற்படலாம். இது பேரிடர் எதிர்வினை எனப்படும். சிறிய நிகழ்வு ஒன்றும் அவருக்குப் பேரிடர் போலத் தோன்றலாம்.

இவ்வெதிர்வினை பெரும்பாலும் முன்னறிகுறிகளுடன் வரும். ஒரே மறுப்பைத் திரும்பத் திரும்பக் கூறுதல், அமைதியின்றி நடத்தல், குரல் உயர்தல், முகம் சிவத்தல் ஆகியன அவற்றுட் சில. அப்போது வாதிட்டால் நிலைமை முற்றும். செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, அவரை அமைதியான இடத்திற்கு அழைத்துச் செல்வதே பயன் தரும். பலர் சிறிது நேரத்தில் நடந்ததை மறந்துவிடுவர். நினைவில் வைத்து வருந்துபவர் பெரும்பாலும் பராமரிப்பவரே.

ஆறு படிகள்

கடினமான நடத்தையைக் கையாள நூல் ஆறு படிகளைத் தருகின்றது.

1. தடுத்தல்: தீங்கு நேரக்கூடியதாயின் அச்செயலை நிறுத்த முயலுதல்.
2. காரணம் ஆராய்தல்: உடல்நோய், மருந்தின் விளைவு, பார்வை அல்லது செவிக் குறைபாடு உள்ளதா எனப் பார்த்தல்.
3. அவர் நிலையில் நின்று எண்ணுதல்: நடப்பது அவருக்கு எவ்வாறு தோன்றும் எனக் கருதுதல்.
4. வழிமாற்றுதல்: அதே செயலைத் தீங்கற்ற முறையில் தொடரச் செய்தல்.
5. ஆறுதல் அளித்தல்: அச்சம் தணியும்படி பேசுதல், கையைப் பற்றுதல்.
6. மீள்நோக்குதல்: எது பயன் தந்தது என்பதைப் பின்னர் எண்ணிப் பார்த்தல்.

எடுத்துக்காட்டு: குளித்தல்

குளிக்க மறுப்பது பல குடும்பங்கள் எதிர்கொள்ளும் சிக்கல். குளித்தல் ஒரே செயல் போலத் தோன்றினும், பொத்தானைக் கழற்றுவது முதல் துவட்டுவது வரை பல சிறு செயல்களைக் கொண்டது. நோயாளருக்கு இவற்றின் வரிசை மறந்துபோகும். ஏன் ஆடை களையப்படுகின்றது என்பது விளங்காதபோது, அது அவருக்கு அத்துமீறலாகவே தோன்றும்.

எனவே, "குளிக்க வேண்டுமா?" என்று கேட்பதும், கடைசியாக எப்போது குளித்தார் என்று வாதிடுவதும் தவிர்க்கப்பட வேண்டும். அவர் முன்பு வழக்கமாகக் குளித்த நேரத்தையே தேர்ந்தெடுத்து, நீர், துண்டு, மாற்றுடை ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டும். நீரின் சூட்டைப் பராமரிப்பவர் தம் கையால் சோதிக்க வேண்டும். நோயாளரால் சூட்டைச் சரியாக உணர இயலாது போகலாம். வழுக்காத விரிப்பும் உறுதியான இருக்கையும் தேவை. "இது உங்கள் துண்டு", "இப்போது சட்டையைக் கழற்றுங்கள்" என ஒரு நேரத்தில் ஒரு படியை மட்டும் கூற வேண்டும். வெட்கப்படுபவரின் உடலைத் துண்டால் போர்த்தியவாறே குளிப்பாட்டலாம். இடையில் அவர் கலக்கமுற்றால் நிறுத்திவிட்டுப் பின்னர் முயலலாம். நாள்தோறும் முழுக்குளியல் கட்டாயமில்லை; இடைப்பட்ட நாட்களில் ஈரத்துணியால் துடைத்தல் போதும். தோலில் தடிப்போ புண்ணோ உள்ளதா எனப் பார்க்கவும் இதுவே தக்க நேரம்.

பொறுமை பற்றிய பார்வை

பராமரிப்பவரின் கோபத்தையும் சோர்வையும் நூல் இயல்பானவையாகவே கொள்கின்றது. இந்நூலின்படி பொறுமை என்பது குணத்தை மட்டும் சார்ந்தது அன்று. உறக்கம், ஓய்வு, பிறர் உதவி ஆகியவற்றையும் சார்ந்தது. கோபம் மிகும்போது, நோயாளர் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு சற்று விலகி நிற்பது நல்லது. அடிக்கடி கோபம் மிகுவது, பொறுப்பை வேறொருவருடன் பகிர வேண்டும் என்பதன் அறிகுறியாகும்.

வரையறைகள்

நடத்தை சில மணி நேரங்களிலோ நாட்களிலோ திடீரென மாறினால் வீட்டு முறைகளை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவை இத்தகைய குழப்பத்தை உண்டாக்கக்கூடும். மறதிநோய் பொதுவாக மெதுவாக முற்றுவது; திடீர் மாற்றம் உடனடி மருத்துவ ஆய்வை வேண்டுவது.

சட்டம், காப்பீடு, முதியோர் இல்லம் பற்றிய பகுதிகள் அமெரிக்க நடைமுறையை ஒட்டியவை ஆதலால், பிற நாட்டினருக்கு அவை நேரடியாகப் பொருந்தா.