கணுக்கால் சாய்ந்தால் முதலில் பூட்டைப் பாருங்கள்

ஸ்கேட்டிங் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை எதிரே நின்று கவனித்தால், பலருக்கும் இரண்டு கணுக்காலும் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். முட்டிகள் ஒன்றையொன்று நெருங்க, சக்கரங்கள் உள்விளிம்பில் உருளும். "பிள்ளைக்குக் கணுக்காலில் பலம் இல்லை" என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். தட்டைப் பாதம் போன்ற காரணங்கள் சிலருக்கு உண்டுதான். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் பார்க்க வேண்டியது பூட்டின் அளவை.

22 சென்டிமீட்டர் பாதமுள்ள ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். வளரும் வயது என்பதால், 23 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீட்டிக்கொள்ளும் இன்லைன் ஸ்கேட்டை வாங்குகிறார் அப்பா. அதைக் கடைசி வரை குறுக்கி வைத்தாலும் விரல்களுக்கு முன்னே ஒரு சென்டிமீட்டர் மிச்சம். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் இருக்கிறது. இத்தகைய பூட்டுகளில் பெரும்பாலும் முன்பகுதி மட்டுமே நகரும். குதிகாலும் கணுக்காலைச் சுற்றிய பகுதியும் பெரிய பாதத்துக்கு ஏற்ற அகலத்திலேயே நிற்கும். ஆக, சிறுமியின் குதிகால் உள்ளே ஆடுகிறது. பாதம் சாய்ந்த பிறகுதான் பூட்டின் சுவர் அதைத் தாங்க வருகிறது. பக்கிளை எவ்வளவு இறுக்கினாலும் இது சரியாகாது. அவளுக்கு 22 சென்டிமீட்டரை நடுவில் கொண்ட சிறிய அளவு ஸ்கேட்தான் வேண்டும்.

செருப்பு அளவு எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பாதத்தை அளந்துவிடுங்கள். தரையில் காகிதம் வைத்து, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போட வேண்டும். இரண்டு பாதத்தையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது அளப்பது நல்லது. அந்த சென்டிமீட்டரை நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது முதலில் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, அதன்பிறகு கட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். அப்போது குதிகால் மேலே எழும்பினால் பூட் பெரியது. சாய்ந்த பிறகும் விரல் மடங்கியே இருந்தால் சிறியது. கால் மணி நேரமாவது அப்படியே நின்று பாருங்கள். புதுப் பூட் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மரத்துப்போகக் கூடாது.

கணுக்காலைத் தாங்கும் மேல்பகுதி பக்கவாட்டில் வளையாமலும், முன்பக்கம் மட்டும் சற்று வளைந்து கொடுத்தும் இருக்க வேண்டும். கையால் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்தினாலே தெரிந்துவிடும். குதிகாலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது பாதத்தின் வளைவில் சரிவாக வரும் பட்டை. அதை நன்றாக இறுக்கி, மேல் பக்கிளை முட்டி மடங்குமளவு விடுங்கள். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். கால் விறைத்து, உடல் பின்னோக்கி விழுகிறது. இரண்டிரண்டு சக்கரம் கொண்ட குவாட் ஸ்கேட்டில் அடித்தளம் அகலம் என்பதால் நிற்பது எளிது; ஆனால் குதிகால் ஆடாமலிருப்பது அதிலும் அவசியம்.

சக்கரத்தின் மேல் 80ஏ, 84ஏ என்று அச்சிட்டிருப்பது அதன் கடினத்தைச் சொல்லும். எண் குறைந்தால் மென்மை. மென்மையான சக்கரம் சொரசொரப்பான சாலையின் அதிர்வை உள்வாங்கும், தரையைப் பற்றும். ஆனால் சீக்கிரம் தேயும். இன்லைனில் வெளியே பழகுபவருக்கு 80 முதல் 84 வரை பொருந்தும். எடை கூடியவர் மேல் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். குவாட்டில் சாலைக்கு 78 அளவு மென்மை நல்லது. வழுவழுப்பான உள்ளரங்கத் தரைக்கு 90க்கு மேல் போவார்கள். எண்ணே இல்லாத மலிவு ஸ்கேட்டில் சக்கரம் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கலாம். டைல்ஸ் தரையில் அது வழுக்கும், நேராக நிற்கவே விடாது. தொடக்கத்தில் பேரிங்கின் தர எண்ணுக்குக் கூடுதல் பணம் தருவதைவிட, பாலியூரித்தேன் சக்கரத்துக்குத் தருவது பயனுள்ளது.

சில வாரம் ஓடிய சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். உந்தித் தள்ளுவது உள்விளிம்பால்தான் என்பதால், அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் தேய்வது இயல்பு. இடது, வலது சக்கரங்களை மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி பூட்டினால் ஆயுள் கூடும். மிகக் குறைந்த நாளிலேயே உள்பக்கம் சரிவாகத் தேய்ந்துவிட்டால், புதுச் சக்கரம் வாங்குமுன் பிள்ளையை மீண்டும் பூட்டில் நிற்க வைத்து, முட்டியை மடக்கச் சொல்லி, குதிகால் எழும்புகிறதா என்று பாருங்கள்.