தன் கடிகாரத்தைத் தானே திருடியவர்

என்னிடம் ஜூனியராக இருக்கும் பெண் சிவில் நீதிபதி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். தேர்வுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது, அவள் போகும் பயிற்சி மையத்தின் தலைவர் மாணவர்கள் எல்லோருக்கும் இரண்டு பக்கக் கடிதம் ஒன்று அனுப்பியிருந்தார். அதில் வாழ்த்தெல்லாம் ஒரே வரிதான். மீதி முழுவதும் ஒரே விஷயம்: இனிமேல் கைடு வேண்டாம், வகுப்பு நோட்ஸ் வேண்டாம், புதிதாக எந்தப் புத்தகமும் வாங்க வேண்டாம், பேர் ஆக்டை மட்டும் கையில் எடுங்கள்.

பேர் ஆக்ட் என்பது சட்டத்தின் வாசகம் மட்டும் அச்சிட்ட புத்தகம். உரையாசிரியரின் விளக்கமோ தீர்ப்புகளின் சுருக்கமோ அதில் இருக்காது. நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய சட்டப் புத்தகக் கடைகளில் மெல்லிய அட்டையோடு அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் முறை படிப்பவருக்கு அது வறட்டுப் பாலைவனமாகத்தான் தெரியும். அதனால்தான் எல்லோரும் கைடுக்கு ஓடுகிறோம். கைடு ஒரு பிரிவின் சாரத்தைச் சொல்லிவிடும், தேர்வோ சாரத்தைக் கேட்காது. பிரிவில் இருக்கும் ஒரு ‘அல்லது’, ஒரு ‘தவிர’ ஆகியவற்றின் மேல்தான் கேள்வியை நிறுத்துவார்கள்.

கடிதத்தில் ஒரு சோதனை இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுத் திருட்டு பற்றிய பிரிவை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஜூனியர் என் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினாள். “பிறருக்குச் சொந்தமான பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுத்துச் செல்வது.” மூன்று வருடம் சட்டம் படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் எழுதுவார்கள். இதில் இரண்டு இடம் தவறு.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(1) என்ன சொல்கிறது? அசையும் சொத்தொன்றை, ஒருவருடைய வசத்திலிருந்து, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு, அப்படி எடுப்பதற்காக அதை நகர்த்துகிறவர் திருட்டுச் செய்கிறார். ‘பிறருக்குச் சொந்தமான’ என்ற பேச்சே அங்கே இல்லை. சட்டம் பார்ப்பது பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை அல்ல, யார் வசம் இருந்தது என்பதை. அடுத்து, எடுத்துச் செல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அந்த எண்ணத்தோடு நகர்த்தினாலே போதும். பேருந்தில் ஒருவர் சட்டைப்பையிலிருந்த பர்ஸை இரண்டு விரலால் சற்று மேலே தூக்கியதுமே குற்றம் முடிந்துவிட்டது. அதைக் கொண்டுபோக முடிந்ததா என்பது வேறு கதை.

“சொந்தம் இல்லன்னா, ஒருத்தர் தன் பொருளையே திருட முடியுமா மேடம்?” என்றாள்.

முடியும். அதற்கான பதில் பிரிவுக்கு அடியிலேயே, எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. கைடு படிக்கிறவர்கள் தாண்டிப் போகிற பகுதி அது. ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் கடைக்காரரிடம் சரிசெய்யக் கொடுக்கிறார். அவர் கூலி எதுவும் பாக்கி வைக்கவில்லை. அப்படியிருக்க, கடைக்குள் வெளிப்படையாக நுழைந்து, கடைக்காரர் கையிலிருந்து வலுக்கட்டாயமாகப் பிடுங்கிப் போகிறார். இது திருட்டு இல்லை. அத்துமீறி நுழைந்ததும் தாக்க முனைந்ததும் குற்றமாகலாம், ஆனால் நேர்மையற்ற எண்ணம் இல்லாததால் திருட்டு ஆகாது. அதே மனிதர் கூலி பாக்கி வைத்திருந்து, அந்தப் பாக்கிக்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டப்படி நிறுத்தி வைத்திருக்கும்போது, அந்த ஈடு அவருக்கு இல்லாமல் போகட்டும் என்று எடுத்துப் போனால் திருட்டு. அடகு வைத்த கடிகாரத்தைக் கடன் அடைக்காமல், அடகு பிடித்தவர் சம்மதமின்றி எடுத்தாலும் திருட்டுதான்.

மூன்று கதையிலும் கடிகாரமும் ஒன்று, உரிமையாளரும் ஒருவர். மாறுவது ‘நேர்மையற்ற’ என்ற ஒரு சொல்லின் நிலை மட்டும்தான். அந்தச் சொல்லின் பொருளைத் தேடி 2(7)-க்குப் போக வேண்டும். ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் எண்ணம் என்று அங்கே இருக்கிறது. பாக்கி இல்லாத கடைக்காரருக்குக் கடிகாரத்தால் வர வேண்டியது எதுவுமில்லை, ஆகவே இழப்புமில்லை. பாக்கி இருந்தவருக்கு ஈடு போகிறது. கடிதம் இதைத்தான் வலியுறுத்தியது. ஒரு பிரிவைப் படிக்கும்போது அதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை இருக்கிறதா என்று முன்பக்கத்துக்குப் போய்த் திரும்புங்கள். நேரம் பிடிக்கும்தான். ஆனால் அப்படிப் போய்த் திரும்பிய பிரிவு மறக்காது.

எடுத்துக்காட்டுகளைச் சட்டத்தின் அலங்காரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1916-இல் பிரிவி கவுன்சில், இன்றைய மலேசியா, சிங்கப்பூர் பகுதியில் அன்றிருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸிலிருந்து வந்த வழக்கு ஒன்றில் இதை முடிவு செய்திருக்கிறது. வாசகத்துக்குப் பொருள் காணும்போது எடுத்துக்காட்டுகளை, முடிந்தவரை, மதிப்புள்ளவையாக ஏற்க வேண்டும் என்றது. மெக்காலே தலைமையில் எழுதப்பட்டு 1860-இல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தின் கடிகாரக் கதைகள், 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்கின்றன.

கடிகாரத்தை நம் ஊருக்குக் கொண்டுவருவோம் என்று ஒரு கணக்குப் போட்டோம். ஒருவர் தன் பைக்கை மெக்கானிக்கிடம் விடுகிறார். வேலை முடிந்து கூலி 2,400 ரூபாய். பணம் கொடுக்காமல், இரவில் மாற்றுச் சாவி போட்டு வண்டியை எடுத்துப் போகிறார். மெக்கானிக்குக்கு வண்டியை நிறுத்தி வைக்கும் உரிமை உண்டா? அந்த உரிமை வேறொரு புத்தகத்தில், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கிடைக்கும்வரை அதைக் கையில் வைத்திருக்கலாம். ஆகவே உரிமையாளர் செய்தது திருட்டு.

அடுத்தது தண்டனை, 303(2). மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கைடு இதோடு ஒரு வரி சேர்த்திருந்தது: 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் சமூக சேவை. ஜூனியர் உடனே, “கூலி 2,400 தானே, அப்போ சமூக சேவை” என்றாள். புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். திருடப்பட்ட சொத்தின் மதிப்பு 5,000-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றுதான் அங்கே இருக்கிறது. திருடப்பட்டது வண்டி, கூலி அல்ல. அதோடு, முதல் முறை தண்டனை பெறுபவராக இருக்க வேண்டும், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் சமூக சேவை. சரியாக 5,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் என்று கேள்வி வந்தால், ‘குறைவான’ என்ற சொல் அதை வெளியே தள்ளிவிடும்.

இந்த இடத்தில் என் கதையும் ஒன்று. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய தேர்வில், தாமதமாகப் போட்ட உரிமையியல் வழக்குக்கு என்ன பரிகாரம் என்று கேட்டிருந்தார்கள். தாமதத்தை மன்னிக்க மனு போடலாம், காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவு என்று ஒரு பக்கம் எழுதினேன். அந்தப் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுவுக்கும்தான், அதிலும் தீர்ப்பை நிறைவேற்றும் ஆணை 21-இன் கீழ் வரும் மனுக்களைத் தவிர. மூல வழக்கு என்ற சொல்லே அதில் கிடையாது. பிரிவு நான்கு வரிதான். நான் அதை வாசித்ததே இல்லை, அதைப் பற்றித்தான் வாசித்திருந்தேன்.

மாதக் கணக்கை எடுத்துக்கொண்டால், மூன்று புதிய குற்றவியல் சட்டங்களில் மட்டும் 358, 531, 170 என மொத்தம் 1,059 பிரிவுகள். ஒரு நாளைக்கு நாற்பது வீதம் போனால் இருபத்தேழு நாள் ஆகும். அதற்குமேல் உரிமையியல் சட்டங்கள் காத்திருக்கின்றன. எல்லாப் பிரிவுக்கும் ஒரே நேரம் கொடுக்க முடியாது. வரையறைகள், விதிவிலக்குகள், ‘ஆனால்’ என்று தொடங்கும் வரம்புரைகள், நாள் கணக்கு வரும் இடங்கள் ஆகியவற்றை மூன்று முறை வாசியுங்கள், அலுவல் நடைமுறை பற்றியவற்றை ஒரு முறை பார்த்தால் போதும் என்று கடிதம் பிரித்திருந்தது. எனக்கு இது சரியாகப் படுகிறது. பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டம்தான்.

பேர் ஆக்டை நம்பும்போதும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, புத்தகத்தின் பதிப்பு. தமிழ்நாட்டுக்காரர் வாங்கும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்க 1967-இல் மாநிலம் கொண்டுவந்த பிரிவு அது. மாநிலத் திருத்தங்களை விட்டுவிட்ட பதிப்புகளில் காணாமல் போயிருக்கும். இரண்டாவது, வாசகத்தில் இல்லாத சட்டம். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாட்டை அரசியலமைப்பில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அது 1973-இல் கேசவானந்த பாரதி தீர்ப்பில் பிறந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவோ இதற்கு நேர் எதிர். 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதைக் குறிக்காத பழைய பதிப்பை வைத்துப் படிப்பவர் செத்துப்போன பிரிவை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.

திருட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. எவ்வளவு நேரம் பொருளை வைத்திருந்தால் திருட்டு என்று பிரிவு சொல்லவில்லை. அல்வரில் தலைமைப் பொறியாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர், ஒரு கோப்பை நண்பருக்காக வெளியே கொண்டுபோய், அதில் தாள்களை மாற்றியபின் மறுநாளே திருப்பி வைத்தார். தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டுதான் என்று உச்ச நீதிமன்றம் பியாரே லால் பார்கவா வழக்கில் முடிவு செய்தது. இந்தத் தீர்ப்பைப் பிரிவின் ஓரத்தில் ஒரே வரியாகக் குறித்து வைத்தால் போதும். வாசகம் மனதில் இருந்தால், தீர்ப்பு எந்தச் சொல்லில் வந்து உட்காருகிறது என்பது தானாகத் தெரியும்.

போன வாரம் ஜூனியர் பழைய சட்டத்தையும் புதிய சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ‘அசையும் சொத்து’ என்பதன் வரையறையை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். பழைய 22-ஆம் பிரிவில், தொட்டறியக்கூடிய, பருப்பொருளான சொத்து என்று இருந்தது. புதிய 2(21)-இல் எல்லா வகைச் சொத்தும் என்று மட்டும் இருக்கிறது. ‘பருப்பொருளான’ என்ற ஒரு சொல் இல்லை. அவளிடமிருந்த எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இது குறிக்கப்பட்டிருக்கவில்லை. எண்கள் மாறியதை மட்டும்தான் போட்டிருந்தார்கள். “இதை வேணும்னேதான் எடுத்தாங்களா மேடம்? அப்போ கையால தொட முடியாததையும் இனிமேல் திருட முடியுமா?” என்று கேட்டாள். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, 303-ஐத் திரும்ப முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தோம்.