வயதின் மறதியா, மறதி நோயின் தொடக்கமா?
பெற்றோரைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகளுக்கு

“அம்மாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது.” எங்கள் ஊர்களில் பல வீடுகளில் இந்த ஒரு வார்த்தையோடு விடயம் முடிந்துவிடுகிறது. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும் தாய்க்கும் இதே வார்த்தைதான். காலையில் சாப்பிட்டதை மறந்து, தனக்கு யாரும் சோறு தரவில்லை என்று அழும் தாய்க்கும் இதே வார்த்தைதான். முதலாவது பெரும்பாலும் வயதோடு வரும் சாதாரண மறதி. இரண்டாவது டிமென்சியா எனப்படும் மறதி நோயாக இருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதனால், முதலாவதைக் கண்டு வீணாகப் பயப்படுகிறோம். இரண்டாவதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம்.

வயது ஏறும்போது மூளையின் வேகம் குறைகிறது. அலுமாரிக்குள் வைத்த பொருள் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் தேடி எடுக்க நேரம் பிடிக்கிறது. ஒருவருடைய பெயர் உடனே வாயில் வராது. பின்னேரம் தானாக வரும். யாராவது ஒரு குறிப்புச் சொன்னால் அப்போதே வரும். மறதி நோய் இப்படிப்பட்டதல்ல. அதன் மிகப் பொதுவான வகையாகிய அல்சைமர் நோயில், புதிய செய்திகளைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதியே முதலில் பழுதடைகிறது. பொருள் அலுமாரிக்குள் வைக்கப்படவே இல்லை. ஆகவே எவ்வளவு குறிப்புச் சொன்னாலும் அது வெளியே வராது. பழைய பொருட்கள் மட்டும் வெகுகாலம் பத்திரமாக இருக்கும். 1964 டிசம்பரில் திருகோணமலைக் கரையைத் தாக்கிய சூறாவளியை நேற்று நடந்ததுபோல விவரிக்கும் ஒருவர், இன்று காலை வீட்டுக்கு வந்துபோனவரை அறவே மறந்திருக்கலாம். பழைய கதைகளைச் சொல்கிறார், செபமாலையைப் பிழையில்லாமல் சொல்கிறார், தொழுகையில் ஓதுகிறார், ஆகவே நோயில்லை என்று முடிவெடுப்பது சரியல்ல. சிறுவயதில் பதிந்தவை கடைசியாகத்தான் அழியும்.

ஒரு தாயின் சீட்டு

உதாரணத்துக்கு மூதூரில் 75 வயதுத் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணவர் கடற்றொழில் செய்து மறைந்தவர். இந்தத் தாய் பல வருடங்களாக 12 பேரை வைத்துச் சீட்டுப் பிடிக்கிறார். ஆளுக்கு மாதம் 5,000 ரூபா. ஒருவருக்கு முறை வரும்போது 60,000 ரூபா. கொப்பி கிடையாது, எல்லாக் கணக்கும் மனதில்தான். மகள் திருகோணமலையில் ஆசிரியை. மாதம் இரண்டு தடவை வந்துபோகிறார்.

முதலில் மகள் கண்டது இது. சீட்டில் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர் தாய்க்கு வரவில்லை. “பள்ளிக்கூடத்துக்கு முன்வீடு” என்றதும் பெயரைச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் காசு சேர்க்க ஒருநாள் பிந்திவிட்டார். மறுநாள் தானே நினைத்து, “நேற்று மறந்துபோனேனே” என்று வருத்தப்பட்டார். கண்ணாடியைக் காணவில்லை என்று தேடி, கடைசியாக எங்கே இருந்தேன் என்று யோசித்து, கிணற்றடியில் கண்டெடுத்தார். இவை மூன்றும் வயதின் மறதி. மறந்தது மறந்ததாக அவருக்கே தெரிகிறது. குறிப்புக் கொடுத்தால் ஞாபகம் வருகிறது. வேலையும் நடந்து முடிகிறது.

சில மாதங்களின் பின் வேறு மாதிரியான சம்பவங்கள் நடந்தன. ஒரு வீட்டில் பின்னேரம் காசு வாங்கியவர், மறுநாள் காலையில் அதே வீட்டுக்குப் போய் மறுபடியும் கேட்டார். “நேற்றுத் தந்தேனே, இந்தக் கதிரையில் இருந்துதானே எண்ணினீர்கள்” என்று சொன்னபோதும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. “நீ தரவில்லை” என்று கோபப்பட்டார். அடுத்த மாதம், ஏற்கெனவே சீட்டெடுத்த ஒருவருக்கே மறுபடியும் முறை என்றார். மகள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டும், யார் எடுத்தது, யார் எடுக்கவில்லை என்று அவரால் வரிசைப்படுத்த முடியவில்லை. பின்பு காசு காணாமற்போயிற்று. மருமகள் எடுத்துவிட்டாள் என்றார். காசு அரிசிப் பானைக்குள் இருந்தது. அதை அங்கே வைத்ததும் அவரே.

இங்கே கவனிக்க வேண்டியது எத்தனை தடவை மறந்தார் என்பதல்ல. பல வருடங்களாகக் கைவந்த வேலையின் வரிசை குலைகிறது என்பதுதான் முக்கியம். குறிப்பு உதவவில்லை. மறந்தது அவருக்கே தெரியவில்லை. தெரியாத இடத்தை நிரப்ப இன்னொருவர் மீது பழி விழுகிறது. அந்தப் பழி மருமகள்மேல் உள்ள வெறுப்பினால் மட்டும் வருவதல்ல என்பதைக் குடும்பம் விளங்கிக்கொண்டால் பல சண்டைகள் குறையும்.

வீட்டுக்குள் நோய் மறைவது எப்படி

இந்தக் குடும்பத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மகன் சீட்டைத் தான் பொறுப்பேற்பார். மருமகள் சமையலைப் பார்ப்பார். கடைக்குப் போகவும் விடமாட்டார்கள். தாய் திண்ணையில் இருப்பார். வேளைக்குச் சாப்பாடு வரும். இதெல்லாம் அன்பினால் செய்வது. ஆனால் வேலை இல்லாதவருக்கு வேலையில் பிழை வராது. அடுத்த ஒரு வருடத்துக்கு நோய் எவர் கண்ணிலும் படாது. பிறகு ஒருநாள் கழிப்பறைக்குப் போகும் வழி தெரியாமல் நிற்கும்போதுதான் வைத்தியசாலையை நினைப்பார்கள்.

இதே சிக்கலை 1990களில் வட இந்தியாவில், ஹரியானா மாநிலத்தின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்த மருத்துவர்களும் சந்தித்தார்கள். மேற்கு நாடுகளில் பயன்படும் ஞாபகப் பரீட்சையில் இன்று என்ன திகதி, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல், ஒரு வசனம் எழுது என்றெல்லாம் கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாத முதியவர் மூளை நன்றாக இருந்தாலும் இதில் தோற்றுவிடுவார். ஆகவே அவர்கள் பரீட்சையை மாற்றியமைத்ததோடு, வீட்டாரிடம் கேட்பதற்கென்று ஒரு கேள்விப் பட்டியலையும் தயாரித்தார்கள். சாப்பிட்டு முடித்ததை மறக்கிறாரா? ஊருக்குள் வழி தவறுகிறாரா? இன்னாரிடம் சொல் என்று கொடுத்த செய்தியைச் சரியாகச் சேர்ப்பிக்கிறாரா? பெருநாட்கள் ஞாபகமிருக்கிறதா? கல்யாணம் போன்ற குடும்ப விடயங்களில் கருத்துச் சொல்கிறாரா? இப்படியானவை அந்தக் கேள்விகள். எழுத்தறிவில்லாத, வீட்டு வேலையிலிருந்து ஓய்வெடுத்த முதியவரிடமும் இவற்றைப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டிலும் இதையே செய்யலாம். பெற்றோரை உட்கார வைத்து “இன்று என்ன கிழமை?” என்று பரீட்சை நடத்த வேண்டாம், அது அவமானப்படுத்துவதாகும். அவர் வழக்கமாகச் செய்த ஒரு வேலையை அவரிடமே விட்டுவையுங்கள். புட்டு அவிப்பது, வலை பொத்துவது, கோழிகளை அடைப்பது, எதுவாயினும் சரி. பின்பு ஒரு கொப்பியில் ஆறு வாரங்களுக்கு எழுதுங்கள்: திகதி, என்ன நடந்தது, குறிப்புச் சொன்னதும் ஞாபகம் வந்ததா, இதே வேலையை ஒரு வருடத்துக்கு முன் எப்படிச் செய்தார். ஒப்பிட வேண்டியது அயல்வீட்டுக் கிழவரோடல்ல, அவருடைய பழைய நாட்களோடுதான். ஒருநாள் உப்புப் போட மறந்தது ஒன்றுமல்ல. மாவைக் குழைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது இரண்டு மூன்று தடவை எழுதப்பட்டிருந்தால் அது பேசும்.

நோய்போலத் தோன்றும் வேறு காரணங்கள்

கொப்பியில் முக்கியமான இன்னொரு விடயம், இது எப்போது, எப்படித் தொடங்கியது என்பதாகும். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று தடுமாறிப் பேசினால், பகலில் தூங்கி இரவில் இல்லாத ஆட்களோடு கதைத்தால், அது பெரும்பாலும் மறதி நோயின் தொடக்கமல்ல. சலக்கிருமித் தொற்று, நிமோனியாக் காய்ச்சல், சீனி இறங்குதல், விழுந்து தலை அடிபட்டதனால் உள்ளே இரத்தக் கசிவு போன்றவை காரணமாகலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். முகம் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது.

மெல்ல வரும் மறதியிலும் திருத்தக்கூடியவை உண்டு. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையில் காணலாம். தடிமனுக்கும் சொறிக்கும் கடையில் வாங்கும் பிரிட்டன் போன்ற மாத்திரைகளும், நித்திரை மாத்திரைகளும் முதியவரின் ஞாபகத்தைக் கலக்கும். காது கேளாதவர் சொன்னதை மறந்தவரைப்போலத் தோன்றுவார். உண்மையில் அது அவர் காதில் விழவே இல்லை.

எங்கள் பகுதியில் மறக்கக்கூடாதது மனச்சோர்வு. 2004 கடல்கோளில் பிள்ளைகளை இழந்தவர்கள், 2006 ஆகஸ்ட்டில் எல்லாவற்றையும் விட்டு மூதூரிலிருந்து ஓடியவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். மனச்சோர்வுள்ளவரிடம் எதைக் கேட்டாலும் “தெரியாது, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை” என்பார். தன் மறதியைப் பற்றி அவரே முறையிடுவார். மறதி நோயின் தொடக்கத்தில் உள்ளவரோ பெரும்பாலும் “எனக்கொன்றுமில்லை” என்று சமாளிப்பார், முறையிடுபவர்கள் வீட்டார். இது முழுமையான அளவுகோல் அல்ல. இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்தும் வரும். அதனால்தான் முடிவைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

வைத்தியரிடம் போகும்போது

முதலில் மூதூர் தள வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். தேவையானால் அங்கிருந்து கடிதம் பெற்றுத் திருகோணமலைக்குப் போகலாம். கொப்பியையும், பெற்றோர் குடிக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெற்றோருக்கு முன்னால் அவருடைய குறைகளை அடுக்க வேண்டாம். கொப்பியை வைத்தியரிடம் கொடுத்தால் போதும். பிரஷரும் சலரோகமும் உள்ளவரானால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சிறு சிறு பாரிசவாதங்களால் வரும் மறதி நோய் படி இறங்குவதுபோலத் திடீர் திடீரென்று கூடும். பிரஷரையும் சீனியையும் கட்டுப்படுத்தினால் அடுத்த படி இறங்குவதைத் தடுக்க வாய்ப்புண்டு.

சில வேளை வைத்தியர், “வயதுக்கு மீறிய மறதி இருக்கிறது, ஆனால் நோய் என்று சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்பார். அவர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அப்படியொரு இடைநிலை உண்டு. அதிலிருந்து சிலர் நோய்க்குள் போகிறார்கள், சிலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் திருந்துகிறார்கள். இரண்டாவது தடவை பார்த்தால்தான் எந்தத் திசையென்று தெரியும்.

அல்சைமரைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. டொனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சிறிது காலம் ஓரளவு உதவும். அப்படியானால் முன்கூட்டியே அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். மேலே சொன்ன தாயையே பாருங்கள். இப்போது அறிந்தால், 12 பேரின் கணக்கை அவர் பக்கத்தில் இருக்கும்போதே கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். காணி உறுதி எங்கே, யாருக்கு எதைக் கொடுக்க விரும்புகிறார் என்பதை, அவருக்கு விளங்கும் காலத்திலேயே சட்டத்தரணி முன் அவர் வாயாலேயே சொல்லச் செய்யலாம். இரண்டு வருடம் பிந்தினால் அவர் வைக்கும் கையெழுத்தைப் பிள்ளைகளில் ஒருவர் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்துவார்.

முக்கியமாக, அரிசிப் பானைக்குள் காசு கிடந்த நாளில் மருமகளைக் கள்ளியென்று யாரும் நினைக்கமாட்டார்கள்.