நடுத்தந்தியைத் தொட்டால் சுரம் ஏன் மேலே போகிறது?

கிட்டாரின் ஐந்தாம் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால், சுருதி சரியாக இருக்கும்பட்சத்தில், நொடிக்கு 110 முறை அதிரும் ‘ஏ’ சுரம் கேட்கும். அதே தந்தியின் நட்டநடுவில், அதாவது பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே, விரல் நுனியைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டி, உடனே விரலை எடுத்துவிட்டால் 220 ஹெர்ட்ஸில் மெலிந்த, தெளிந்த ஒரு நாதம் எழும். இது ஒரு ஸ்தாயி மேலே உள்ள அதே சுரம். விரல் விலகிய பிறகும் அந்த மேல்ஸ்தாயி ஒலி நீடிக்கிறது என்பதுதான் வியப்பு. தந்தி முழு நீளத்தோடு, பழைய இறுக்கத்தோடு அப்படியே இருக்கிறது. சுரம் மட்டும் கீழே இறங்கி வருவதில்லை.

மீட்டிய தந்தி ஒரே விதமாக அதிர்வதில்லை என்பதே இதற்குக் காரணம். முழுத் தந்தியும் ஒரே வில்லாக மேலும் கீழும் போவது முதல் வகை அதிர்வு. அது 110 ஹெர்ட்ஸ். அதே நேரத்தில் தந்தி இரண்டு பாதிகளாகவும் அதிர்கிறது. ஒரு பாதி மேலே போகும்போது மறு பாதி கீழே வரும், நடுப்புள்ளி அசையாது. இது 220 ஹெர்ட்ஸ். மூன்று பகுதியாக அதிர்வது 330, நான்கு பகுதியாக அதிர்வது 440 என்று வரிசை நீள்கிறது. இவை எல்லாம் கலந்ததைத்தான் காது 110 ஹெர்ட்ஸ் சுரமாகக் கேட்கிறது. அந்தந்த அதிர்வில் அசையாமல் நிற்கும் புள்ளிகளுக்குக் கணு என்று பெயர்.

விரல் நடுவில் பட்டால் நடப்பது ஒரு வடிகட்டல். ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படைப் பகுதிகளாக அதிரும்போது நடுப்புள்ளிதான் அதிகம் ஆடும் இடம். மெத்தென்ற விரல் அங்கே உட்கார்ந்தால் அந்த அதிர்வுகளின் ஆற்றலை அது உறிஞ்சிவிடும். இரண்டு, நான்கு, ஆறு பகுதிகளாக அதிரும்போது நடுப்புள்ளி கணு. அங்கே அசைவே இல்லாததால் விரலால் தடுக்க எதுவும் இல்லை. மிஞ்சுவது 220, 440, 660 ஹெர்ட்ஸ். இவை எல்லாம் 220-இன் மடங்குகள் என்பதால் காது 220 ஹெர்ட்ஸையே சுரமாக எடுத்துக்கொள்கிறது. அடங்கிப்போன 110 ஹெர்ட்ஸ், மறுபடி மீட்டினாலொழிய திரும்ப வராது.

ஒலி தூய்மையாகத் தோன்றுவதற்கும் இந்த வடிகட்டலே காரணம். மேற்சுரங்களில் பாதி போய்விட்டது. அது போதாதென்று, விரல் ஒரு புள்ளி அல்ல, அதற்கு அகலம் உண்டு. தந்தி மிகப் பல சிறு பகுதிகளாக அதிரும்போது கணுவுக்கு மிக அருகிலேயே அசைவு தொடங்கிவிடுவதால், விரலின் ஓரங்கள் அந்த உச்ச அதிர்வுகளையும் தணித்துவிடுகின்றன.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தாலும் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸே கேட்கும். ஆனால் அது வேறு செயல். அங்கே தந்தி உண்மையிலேயே பாதியாகக் குறுகி, பிரிட்ஜ் பக்கப் பாதி மட்டும் ஒலிக்கிறது. தொடும்போதோ இரு பாதிகளும் அதிர்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சோவர் 1701-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கண்ணால் காணும் வழியைச் சொன்னார். தந்தியை மெல்லத் தொட்டு ஒலிக்கச் செய்து, அதன்மேல் சின்னக் காகிதத் துண்டுகளை மடித்து வைத்தால், கணுவில் உள்ளவை உட்கார்ந்திருக்கும், மற்றவை துள்ளி விழும். கணு என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே.

இரண்டும் வேறு என்பதால் கிட்டாரைச் சோதிக்கவும் இது உதவுகிறது. அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டு இறுக்கம் கூடும், தொடும்போது கூடாது. அழுத்திய சுரம் தொட்ட சுரத்தைவிடக் கூர்மையாகக் கேட்டால், தந்தியின் அதிரும் நீளத்தைப் பிரிட்ஜ் பக்கம் சற்றுக் கூட்ட வேண்டும் என்று பொருள்.

விரல் கணுவிலிருந்து சற்று விலகினாலோ, அழுத்தம் கூடினாலோ, நாதத்துக்குப் பதில் ‘டொக்’ என்ற மந்தச் சத்தமே வரும். மீட்டும் இடமும் முக்கியம். ஒரு கணுவில் மீட்டினால் அந்தக் கணுவை உடைய அதிர்வு கிளம்பாது. எனவே கிட்டார் தந்தியைச் சரியாக நடுவில் மீட்டிவிட்டுப் பிறகு அங்கேயே தொட்டால் ஏறக்குறைய மௌனம்தான் மிஞ்சும். பிரிட்ஜ் பக்கமாக மீட்டினால் மேல்ஸ்தாயி எளிதாக வரும்.

வீணையும் தம்பூராவும் இந்த விதிக்கு அடங்குவதில்லை என்பதை சி.வி. ராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். கணுவில் மீட்டினாலும் அந்தக் கணுவுக்குரிய மேற்சுரம் அவற்றில் பலமாகவே ஒலிக்கிறது. அவற்றின் குதிரை, கிட்டாரின் பிரிட்ஜைப் போலத் தந்தியை ஒரு கூரிய விளிம்பில் தாங்குவதில்லை. அகன்று வளைந்த பரப்பில் தந்தி ஒவ்வோர் அசைவிலும் பட்டுப் பட்டு எழுவதால், ஓர் அதிர்வின் ஆற்றல் இன்னொன்றுக்கு மாறி, மீட்டும்போது எழாத மேற்சுரமும் பின்னால் எழுகிறது.