ஸ்மியரில் தெரிவதும் தெரியாததும்

கழுத்தில் கட்டிய நெறி இரண்டு மாதமாகக் கரையவில்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். "அப்போ ரத்தப் புற்றுநோய் இல்லைதானே டாக்டர்?" என்று நிம்மதியாகக் கேட்பவர்கள் உண்டு. அந்த நிம்மதிக்கு ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது.

ரத்தப் புற்றுநோய் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் லுக்கீமியா, லிம்போமா இரண்டும் அடங்கும். லுக்கீமியா எலும்பு மஜ்ஜையில் தொடங்குகிறது. அதன் தீவிர வகையில், வெள்ளையணுவாக முதிர வேண்டிய இளம் செல் ஒன்று மரபணுக் கோளாறால் முதிராமலே பெருகுகிறது. பிளாஸ்ட் எனப்படும் இந்தச் செல்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணுவும் தட்டணுவும் உருவாக இடமில்லாமல் போகிறது. லிம்போமா பெரும்பாலும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்களில் தொடங்குகிறது. அங்கே தங்கியிருக்கும் லிம்போசைட் கட்டுப்பாடில்லாமல் பெருகிக் கட்டியாகிறது.

ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். சோர்வு, விட்டுவிட்டுக் காய்ச்சல், காலில் காரணமில்லாத ரத்தத் திட்டுகள். ஹீமோகுளோபின் 6 கிராம், தட்டணு 18,000. வெள்ளையணு 5,000 என்பதால் அது மட்டும் நார்மல் போலத் தெரியும். ஆனால் எண்ணிக்கையை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. எண்ணும் இயந்திரம் சில நேரம் பிளாஸ்டையும் லிம்போசைட் கணக்கில் சேர்த்துவிடும்.

எனவே ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, உலர்த்தி, லீஷ்மன் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சிவப்பணுக்களுக்கு நடுவே பெரிய ஊதா நிறச் செல்கள் தெரிகின்றன. செல் முழுவதையும் உட்கரு அடைத்திருக்கிறது. அதற்குள் வெளிறிய புள்ளி ஒன்றிரண்டு. இவைதான் பிளாஸ்ட். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் சாதாரணமாக இவற்றைக் காண முடியாது. செல்லுக்குள் சிவந்த ஊசி போன்ற குச்சி தெரிந்தால் மைலாய்டு வகை என்று அங்கேயே சொல்லிவிடலாம். மற்றபடி வகையை உறுதிசெய்ய, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

நெறி கட்டியவரின் ஸ்லைடில் இப்படி எதுவும் இல்லாமல் போகலாம். நோய் கணுவுக்குள்ளேயே இருக்கிறது, ரத்தத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்த எல்லை எப்போதும் கறாரானதல்ல: லிம்போமா மஜ்ஜைக்குப் பரவலாம், லுக்கீமியாவிலும் நெறி கட்டலாம்.

நம் ஊரில் கழுத்துக் கட்டி என்றாலே முதலில் டிபி சந்தேகம்தான் வரும். அது நியாயமும்கூட. ஆனால் திசுவைச் சோதிக்காமல் டிபி மாத்திரையைத் தொடங்கினால், லிம்போமாவுக்கான மாதங்கள் வீணாகலாம். ஸ்டீராய்டு அதைவிட ஆபத்து. கட்டி தற்காலிகமாகச் சுருங்கிவிடும், பிறகு பயாப்ஸியிலும் நோய் பிடிபடாமல் போகலாம். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது டிபிக்குப் பல நேரம் உதவும். லிம்போமாவின் வகையைச் சொல்ல, முடிந்தவரை கணுவை முழுதாக எடுத்துச் சோதிப்பதே சரி.

வலியில்லாத நெறி ஒரு மாதத்துக்கு மேல் கரையாமல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, ரத்த ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் "பயாப்ஸி தேவையா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.